ஓமாவுக்கு எண்பது: இரண்டு நிமிட வாழ்த்துரை

ஜெர்மன் வீடுகளில் பாட்டிக்கு 'ஓமா' என்று பெயர். ஓமாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பெரும்பாலும் பிற்பகலில் காப்பியும் கேக்குமாகக் குடும்பம் கூடும். 'ஸெக்ட்' என்னும் நுரை ஒயினை எல்லாருக்கும் ஊற்றியதும் பேரனோ பேத்தியோ எழுந்து ஸ்பூனால் கோப்பையை மெல்லத் தட்டுவார். பேச்சு அடங்கும். அடுத்த இரண்டு நிமிடம் அவருடையது.

இன்று எண்பதைத் தொடும் ஓமாக்கள் 1945-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். இடிந்த நகரங்களும், 'பசிக் குளிர்காலம்' என்று ஜெர்மானியர் நினைவுகூரும் 1946–47-ம் அவர்களின் மழலைப் பருவத்தோடு சேர்ந்தவை. அதனால் பிறப்பிலிருந்து வாழ்க்கையை வரிசையாகச் சொல்லத் தோன்றும். அதைச் செய்யாமலிருப்பதே நல்லது. அந்தக் கதையை எப்போது, யாரிடம் சொல்வது என்பது ஓமாவின் உரிமை. பேரக்குழந்தை தன் கண்ணால் கண்ட ஒன்றைச் சொன்னால் போதும்.

உரை இப்படித் தொடங்கலாம்: "லீப ஓமா, ஹொய்ட விர்ஸ்ட் டூ அக்ட்ஸிக்." அன்பு ஓமா, இன்று உனக்கு எண்பது வயதாகிறது. பாட்டியை 'டூ' என்று ஒருமையில் அழைப்பதுதான் அங்கே பாசம். 'ஸீ' என்ற மரியாதைப் பன்மை அவரை அந்நியராக்கிவிடும்.

அடுத்து அந்த ஒரு நினைவு. "பள்ளி விட்டு வந்தால் உன் ஆப்பிள் கேக் மேசைமேல் இருக்கும். என்ன மதிப்பெண் என்று நீ கேட்டதே இல்லை. பசிக்கிறதா என்றுதான் கேட்பாய்." 1 சிறந்தது, 6 மோசமானது என்று மதிப்பெண் போடும் ஜெர்மன் பள்ளியில் 5 வாங்கி வந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி எவ்வளவு ஆறுதல் என்பது கூடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு நன்றி: "டங்க, டஸ் டூ இம்மர் ஃபூர் உன்ஸ் டா பிஸ்ட்." எங்களுக்காக எப்போதும் நீ இருப்பதற்கு நன்றி. 'டஸ்' வந்ததும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். தமிழருக்கு இது எளிதாகவே கைவரும். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால் அந்தக் கடைசிச் சொல் விழுங்கப்பட்டு, காது மங்கிய ஓமாவுக்கு வாக்கியம் பாதியில் நின்றதுபோல் ஆகும். ஆகவே வாக்கியங்கள் சிறியவையாக இருக்கட்டும், முகம் தாளைவிட்டு ஓமா பக்கம் திரும்பியிருக்கட்டும்.

கடைசியாக, "ப்ளைப் கெஸுண்ட்" என்று நலம் வாழ்த்தி, "ஆவ்ஃப் டிஷ், ஓமா!" என்று கோப்பையை உயர்த்துவார்கள். கோப்பைகளை மோதும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது மரபு.

நாள் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துவதை ஜெர்மானியர் அபசகுனமாக நினைப்பார்கள். அது புதன்கிழமை வந்தால் விருந்தை அடுத்த சனிக்கிழமை வைப்பார்கள், முந்தைய சனிக்கிழமை அல்ல. அப்போது முதல் வரியும் மாற வேண்டும்: "ஆம் மிட்வோக் பிஸ்ட் டூ அக்ட்ஸிக் கெவோர்டன்." புதன்கிழமை உனக்கு எண்பது நிறைந்தது.