மூன்றாவது மின்தடை

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று மொட்டை மாடி ஏறாமலே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் வாங்கும் சென்சார்களில் எச்சி-எஸ்ஆர்04 ஒன்று. இரண்டு உருண்டைக் கண்கள் வைத்த சின்னப் பலகை. ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எட்டுத் துடிப்புகளாக அனுப்பும். மற்றது எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒலி போய்த் திரும்பும் நேரத்துக்கு ஈடாக ‘எக்கோ’ என்ற பின்னில் மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும். அது எத்தனை மைக்ரோசெகண்ட் நின்றது என்று எண்ணி 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வந்துவிடும். (தொட்டிக்குள் ஈரம் பட்டால் இந்தப் பலகை நெடுநாள் தாங்காது. அது வேறு கதை.)

அந்த நேரத்தை எண்ணுவதற்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்துக்கொள்வோம். சென்சார் 5 வோல்ட்டில் ஓடுவது. ஆகவே எக்கோ உயர்ந்தால் 5 வோல்ட்டுக்குப் போகும். ராஸ்பெர்ரி பையின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாதவை. நேராக இணைத்தாலும் சில நாள் ஓடக்கூடும். அதனால்தான் பலர் துணிந்து இணைத்துவிடுகிறார்கள். சிப்புக்குள் மிகை மின்னோட்டம் போகக் கூடாத வழியில் போய்க்கொண்டிருப்பது வெளியே தெரியாது. பின் செத்த பிறகுதான் தெரியும்.

இதற்கான மலிவான மருந்து இரண்டு மின்தடைகள். எக்கோவிலிருந்து ஒன்று, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து ராஸ்பெர்ரி பைக்கு ஒரு கம்பி. மேலே இருப்பதை R1, கீழே இருப்பதை R2 என்றால், நடுவில் கிடைப்பது:

```
V = 5 × R2 / (R1 + R2)
```

R1 1 கிலோ ஓம், R2 2 கிலோ ஓம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட். 2 கிலோ ஓம் கையில் இல்லாவிட்டால் இரண்டு 1 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பாடங்கள் இந்த இடத்தோடு முடிந்துவிடும். தொல்லை தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

மேலே உள்ள சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். அதற்கு விகிதம் மட்டும்தான் முக்கியம். 100 கிலோ ஓமும் 200 கிலோ ஓமும் போட்டாலும் அதே 3.33 வோல்ட்டைத்தான் சொல்லும். சிக்கனக்காரர் ஒருவருக்கு இது நல்ல யோசனையாகவே படும். 1 கிலோ, 2 கிலோ ஜோடி வழியே எக்கோ உயர்ந்திருக்கும்போதெல்லாம் 1.7 மில்லி ஆம்பியர் வீணாகக் கிரவுண்டுக்கு ஓடுகிறது. நூறு மடங்கு பெரிய மின்தடை போட்டால் வீணாவது நூறில் ஒரு பங்கு. அவர் பிரெட்போர்டில் செருகி, மேல் முனையை 5 வோல்ட்டில் வைத்து, நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறார். 3.3 வோல்ட் காட்டுகிறது. ராஸ்பெர்ரி பையின் 24-ஆம் ஜிபிஐஓ பின்னில் செருகுகிறார். எக்கோ உயர்ந்ததாக நிரல் ஒருமுறைகூடச் சொல்வதில்லை.

ஏன்? நடுப்புள்ளியில் இப்போது இரண்டு மின்தடைகள் இல்லை, மூன்று இருக்கின்றன. மூன்றாவது ராஸ்பெர்ரி பையின் சிப்புக்குள்ளே இருக்கிறது. எதோடும் சேராத உள்ளீட்டுப் பின் காற்றில் மிதப்பதுபோல் 0-வுக்கும் 1-க்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும் என்பதால், அதை ஒரு பக்கமாக இழுத்து வைக்க உள்ளேயே ஒரு மின்தடை வைத்திருக்கிறார்கள். கிரவுண்டுப் பக்கம் இழுத்தால் புல்-டவுன், 3.3 வோல்ட் பக்கம் இழுத்தால் புல்-அப். அதன் மதிப்பு சிப்புக்குச் சிப் மாறினாலும் ஏறக்குறைய 50 கிலோ ஓம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். நிரல் வேறு விதமாகச் சொல்லாத வரை, ராஸ்பெர்ரி பை விழித்தெழும்போது ஜிபிஐஓ 9 முதல் 27 வரை புல்-டவுனோடும், 0 முதல் 8 வரை புல்-அப்போடும் இருக்கும்.

24-ஆம் பின் புல்-டவுன் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே நம் 200 கிலோ ஓமுக்குப் பக்கத்திலேயே இன்னொரு 50 கிலோ ஓம் கிரவுண்டுக்குப் போகிறது. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 40 கிலோ ஓம். இதைச் சூத்திரத்தில் போட்டால் 5 × 40 / 140, அதாவது 1.43 வோல்ட். 3.3 வோல்ட் சிப்கள் பொதுவாக 2 வோல்ட்டுக்கு மேல் இருப்பதை ‘1’ என்றும், 0.8 வோல்ட்டுக்குக் கீழ் இருப்பதை ‘0’ என்றும் உறுதியாக எடுத்துக்கொள்ளும். நடுவில் இருப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1.43 அந்த நடுக்காட்டில் மாட்டிக்கொண்டது.

புல்-அப் இருந்தால் கோளாறு தலைகீழாகும். எக்கோ 5 வோல்ட்டுக்கு ஏறும்போது நடுப்புள்ளியும் 3.3 வோல்ட்டுக்கு ஒழுங்காக ஏறும். ஆனால் இறங்க மறுக்கும். எக்கோ 0-வில் இருக்கும்போது 100, 200 இரண்டும் சேர்ந்து 67 கிலோ ஓமாகக் கீழே இழுக்கின்றன. 50 கிலோ ஓம் மேலே இழுக்கிறது. வலுவானது மேலே இருப்பதுதான், கூட்டிப் பார்த்தால் 1.89 வோல்ட். எதிரொலி முடியக் காத்திருக்கும் நிரல் காத்துக்கொண்டேயிருக்கும்.

அதே பின்னில் 1 கிலோ, 2 கிலோ ஜோடியைப் போட்டுப் பாருங்கள். புல்-டவுன் இருந்தால் 3.33 என்பது 3.29 ஆகிறது, புல்-அப் இருந்தால் 0 என்பது 0.04 ஆகிறது. இரண்டுமே பொருட்டில்லை. இதற்குக் காரணத்தை ஒரே எண்ணில் பிடிக்கலாம். உள்ளீட்டுப் பின்னின் பக்கமிருந்து பார்த்தால் R1, R2 இரண்டும் இணையாகச் சேர்ந்த ஒரே மின்தடைபோலத்தான் தெரியும். சிறிய ஜோடிக்கு அது 667 ஓம், பெரிய ஜோடிக்கு 67 கிலோ ஓம். பின் இழுக்கும் சுமை 50 கிலோ ஓம். இந்த இணை மதிப்பு சுமையின் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சூத்திரம் சொல்வது கிட்டத்தட்ட நடக்கும். சுமையைவிடப் பெரியதாகிவிட்டால், சூத்திரம் சொல்வது காகிதத்தில் மட்டும்தான்.

நிரலில் இந்த உள்மின்தடையை விலக்கிவிடவும் முடியும். பைத்தானில் இப்படி:

```python
GPIO.setup(24, GPIO.IN, pull_up_down=GPIO.PUD_OFF)
```

ஆனால் நிரல் ஓடத் தொடங்கும் வரை அது இருக்கத்தான் செய்யும். மேலும், நிரலால் விலக்க முடியாத மின்தடைகளும் உண்டு. ஜிபிஐஓ 2, 3 இரண்டும் ஐ-ஸ்கொயர்-சி தொடர்புக்காக ஒதுக்கப்பட்டவை, அவற்றுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே பலகையிலேயே 1.8 கிலோ ஓம் மின்தடைகள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. இதைக் கவனிக்காமல் 1 கிலோ, 2 கிலோ ஜோடியை ஜிபிஐஓ 2-இல் இணைத்தால் நல்ல ஜோடியும் தோற்கும். எக்கோ 0-வில் இருக்கும்போது 667 ஓம் கீழே இழுக்க, 1.8 கிலோ ஓம் மேலே இழுக்க, பின்னில் நிற்பது 0.89 வோல்ட். எல்லை 0.8. இவ்வளவு சின்ன மீறல் சில பலகைகளில் வெளியே தெரியாது, சிலவற்றில் தெரியும். ‘என்னுடையதில் வருகிறது, உன்னுடையதில் வரவில்லையா?’ என்ற வகைத் தகராறு இப்படித்தான் பிறக்கிறது. வேறு பின்னுக்கு மாற்றுவதே எளிய தீர்வு.

மேல் எல்லையையும் பார்த்துவிட வேண்டும். 1 கிலோ, 2 கிலோ ஜோடி தரும் 3.33 வோல்ட் விளிம்பிலேயே நிற்கிறது. தங்கப் பட்டை போட்ட மின்தடை 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் 5.25 வரை போகலாம். R1 குறைந்தும் R2 கூடியும் அமைந்துவிட்டால் 3.61 வோல்ட். மின்சாரம் தரும் கம்பியைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் பின் ஏறக் கூடாது என்பது பல சிப்களின் நிபந்தனை, 3.6-தான் அதன் வரம்பு. அதனால் நான் தேர்ந்தெடுப்பது 2.2 கிலோ ஓம் மேலே, 3.3 கிலோ ஓம் கீழே. கிடைப்பது 3.0 வோல்ட். மிக மோசமான சேர்க்கையிலும் 3.28-ஐத் தாண்டாது. உள்ளே புல்-டவுன் இழுத்தாலும் 2.92, ‘1’ என்பதற்குத் தேவையான 2 வோல்ட்டுக்கு மேலே தாராளமாக இடமிருக்கிறது. ஓடும் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவு.

உள்ளீடு சுமத்துவது மின்தடையை மட்டுமல்ல. பின்னும் கம்பியும் சேர்ந்து ஒரு சின்ன மின்தேக்கி. சற்றே நீளமான கம்பி என்றால் 50 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். அதை நிரப்பித்தான் மின்னழுத்தம் ஏற முடியும். 67 கிலோ ஓம் வழியே நிரப்பினால் நேரமாறிலி 3.3 மைக்ரோசெகண்ட்; நம் 2.2, 3.3 ஜோடியில் அது 0.07-க்கும் குறைவு. தொட்டி அளப்பவருக்கு 3.3 மைக்ரோசெகண்ட் என்பது அரை மில்லிமீட்டர் சொச்சம், கவலையே இல்லை. ஆனால் அதே பெரிய ஜோடியை விநாடிக்கு 1,15,200 பிட் ஓடும் சீரியல் கம்பியில் போட்டால், ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே 8.7 மைக்ரோசெகண்ட்தான். அதில் பெரும்பகுதி ஏறுவதிலேயே தீர்ந்து, எழுத்துகள் சிதறி வரும். பல மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு மின்தடை ஜோடியை நம்பாமல், 3.3 வோல்ட்டில் ஓடிக்கொண்டே 5 வோல்ட்டை வாங்கத் தெரிந்த 74எல்விசி245 போன்ற சிப்பை வைப்பதே சரி. இரு திசையிலும் பேசும் கம்பிக்கும் இந்த ஜோடி உதவாது. இது ஒருவழிப் பாதை.

சோதிப்பதற்கு எக்கோவையே அளக்கப் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு அது 5.8 மில்லிசெகண்ட்தான் உயர்ந்திருக்கும். மல்டிமீட்டருக்கு அது போதாது. எக்கோவைக் கழற்றிவிட்டு R1-இன் மேல் முனையை 5 வோல்ட்டில் வைத்து, நடுப்புள்ளியை முதலில் தனியாக அளவுங்கள். 3 வோல்ட் அளவில் இருந்தால், உள்ளீடாக அமைத்த பின்னில் செருகியபடியே மறுபடியும் அளவுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சுமை. சிக்கனக்காரர் முதல் அளவோடு நின்றுவிட்டார். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம் என்பதால் அது அவருக்கு உண்மையைச் சொன்னது. பழைய முள் மீட்டராக, வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் வகையாக இருந்திருந்தால், 10 வோல்ட் அளவீட்டில் மீட்டரே 200 கிலோ ஓம் சுமையாகி 2.5 வோல்ட் காட்டியிருக்கும். அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

முதல் அளவே 2.0 வோல்ட் என்று வந்தால் சுமையைத் தேட வேண்டாம், மின்தடைகள் இடம் மாறியிருக்கின்றன. 2.2 கிலோ ஓமுக்கு மூன்று சிவப்புப் பட்டைகள், 3.3 கிலோ ஓமுக்கு இரண்டு ஆரஞ்சும் ஒரு சிவப்பும். டியூப்லைட் மங்கலில் இவை ஒன்றுபோலவே தெரியும். 2.0 என்பது சரியாக ‘1’-இன் எல்லைக்கோடு. புல்-டவுன் இழுத்தால் 1.95. அந்த நிலையிலும் சென்சார் அவ்வப்போது சரியாக வேலை செய்வதுண்டு. ஆகையால் செருகுவதற்கு முன் ஒவ்வொரு மின்தடையையும் மீட்டரில் தனித்தனியாக அளந்துவிடுங்கள்.