மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இரண்டு சுற்று



பொதுத் தேர்வு நெருங்கினால் பிள்ளைகளை மூன்று மணி நேரம் எழாமல் படிக்கச் சொல்கிறோம். அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் சற்று நேரத்தில் கண் வரிகளின் மேல் ஓடுகிறதே தவிர, மனம் அங்கே இருப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் என்ன படித்தாய் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

1980-களின் இறுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோவுக்கும் இதே சிக்கல். சமையலறைக்கு உரிய, தக்காளி வடிவ மணிக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்து, அது அடிக்கும் வரை மட்டும் படிப்பது என்று தொடங்கினார். 25 நிமிடப் படிப்பு, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு என்று அது பின்னர் ஒரு முறையாக அமைந்தது. இத்தாலியில் தக்காளிக்குப் பொமோடோரோ என்று பெயர். இந்த முறைக்கும் அதே பெயர் நிலைத்தது.

நம் வீடுகளில் மஃரிப் தொழுதபின் இஷா வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடைக்கிறது. இரண்டு சுற்றும் நடுவில் ஓய்வும் சேர்த்து 55 நிமிடம்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் கூட்டுத் தொடர்வரிசையை எடுத்துக்கொள்வோம். "கணக்குப் படிக்கிறேன்" என்று உட்காரக் கூடாது. "N-ஆவது உறுப்பு காணும் கணக்குகள் ஐந்து" என்று தாளில் எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும். முதல் 20 நிமிடம் கணக்குப் போடுவது. மீதி 5 நிமிடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, சூத்திரத்தையும் ஒரு கணக்கையும் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. எழுத வராத இடமே அடுத்த சுற்றுக்கான வேலை. இரண்டு சுற்றிலும் ஐந்து கணக்கு முடியவில்லையென்றால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். எடுத்த பகுதி பெரிது, அதைப் பிரிக்க வேண்டும்.

நடுவில் வேறு நினைப்பு வந்தால் ஓரத்தில் ஒரு சொல் குறித்துவிட்டுத் தொடரலாம். எழுந்து போய்விட்டால் சிரில்லோவின் விதிப்படி அந்தச் சுற்று கணக்கில் சேராது. ஆகவே அந்த 25 நிமிடம் கடைக்கு அனுப்பாமல் இருப்பது நம் பொறுப்பு.

பெரும்பாலும் கெடுவது ஓய்வில்தான். ஐந்து நிமிடத்துக்குக் கைப்பேசியைக் கொடுத்தால் அது அரை மணி நேரமாகும். திரும்பி வந்தாலும் மனம் அந்தக் காணொளியிலேயே இருக்கும். தண்ணீர் குடிக்கட்டும், வாசலில் நடக்கட்டும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

25 என்பது கட்டாயமும் அல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு 15 நிமிடம் போதும். கணக்கு ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தால் அதை முடித்துவிட்டே எழலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தேர்வு அறையில் ஐந்து நிமிட ஓய்வு கிடையாது. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத வேண்டும். ஆகவே கடைசி வாரங்களில் ஞாயிறுதோறும் ஒரு பழைய வினாத்தாளை இடைவெளி இல்லாமல் முழுதாக எழுதச் சொல்லுங்கள்.