மழைநாளில் புகார் எத்தனை மடங்கு?

ஒரு கூரியர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 90 நாள் புகார்ப் பதிவேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மழை பெய்த நாட்கள் 30. அந்த நாட்களில் மொத்தம் 360 புகார்கள், அதாவது நாளுக்குச் சராசரியாக 12. மழை இல்லாத 60 நாட்களில் 480 புகார்கள், நாளுக்கு 8. விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை. மழை பெய்தால் புகார் ஒன்றரை மடங்காகிறது என்று மேலாளர் அறிக்கை எழுதிவிடலாம். அது சரிதானா என்று பார்க்க உதவும் முறைதான் பாய்சான் ரிக்ரெஷன்.

புகார் என்பது எண்ணிப் பார்க்கும் விஷயம். ஒரு நாளில் 0, 1, 2 என்று வரும், மைனஸ் 3 வராது. எப்போதாவது 30 வரும். சராசரி 2 புகார் வரும் கிளையில் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் சிறிதாகவும், சராசரி 50 வரும் கிளையில் பெரிதாகவும் இருக்கும். வழக்கமான நேர்க்கோட்டு ரிக்ரெஷன் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. சில நாட்களுக்கு அது மைனஸ் புகாரைக்கூடக் கணித்துக் காட்டும். புகார் எண்ணிக்கைக்கே மடக்கை எடுத்துவிடலாமே என்றால், புகாரே வராத நாளில் மாட்டிக்கொள்வோம். பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. பாய்சான் முறை எண்ணிக்கையைத் தொடாமல், அந்த நாளில் எதிர்பார்க்கும் சராசரிக்கு மட்டும் மடக்கை எடுக்கிறது. அந்த மடக்கையைத்தான் மழை, கிழமை, தாமதம் போன்ற காரணிகளின் கூட்டலாக எழுதுகிறது.

மடக்கையில் கூட்டுவது என்றால், உண்மையான அளவில் பெருக்குவது. முடிவுகளைப் படிக்கும் விதம் முழுவதும் இதிலிருந்தே வருகிறது. நம் பதிவேட்டை இந்த முறையில் ஓட்டினால் மழைக்கான குணகம் 0.405 என்று வரும். இதைப் பார்த்துவிட்டு மழைநாளில் 0.4 புகார் கூடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. e என்ற எண்ணை 0.405 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். கிடைப்பது 1.5. இதற்கு வீத விகிதம் என்று பெயர். மற்றவை மாறாதபோது, மழைநாளின் புகார் வீதம் மழையில்லா நாளின் வீதத்தைப் போல் 1.5 மடங்கு என்பது இதன் பொருள். குணகம் மைனஸாக இருந்தால் விகிதம் 1-க்குக் கீழே வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு -0.22 வந்தால் விகிதம் 0.80, புகார் 20 சதவீதம் குறைவு.

அப்படியானால் மேலாளர் சொன்னதும் இதுவும் ஒன்றுதானே? இதுவரை ஒன்றுதான். ஆனால் அவர் பார்க்காத ஒன்று இருக்கிறது. மழைநாளில் எத்தனை பார்சல்கள் போயின? மழையில்லா நாளில் சராசரியாக 1,000 பார்சல், மழைநாளில் 800 என்றால் கணக்கே மாறிவிடுகிறது. மழையில்லாதபோது 1,000 பார்சலுக்கு 8 புகார். மழையில் 800 பார்சலுக்கு 12, அதாவது 1,000-க்கு 15. விகிதம் 1.5 அல்ல, 1.88. வேலை குறைந்த நாளிலும் புகார் கூடியிருக்கிறது. வெறும் எண்ணிக்கை அதை மறைத்துவிட்டது.

இதைச் சரிசெய்யத்தான் ஆஃப்செட் என்ற ஏற்பாடு. பார்சல் எண்ணிக்கையின் மடக்கையை, குணகம் 1 என்று நிலையாக வைத்து மாதிரிக்குள் சேர்க்கிறோம். R மொழியில் இரண்டு கட்டளைகள் போதும்:

```r
m <- glm(complaints ~ rain + offset(log(parcels)),
         family = poisson, data = d)
exp(coef(m))
```

இப்போது மழையின் குணகம் 0.629, வீத விகிதம் 1.88. இதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.64 முதல் 2.15 வரை. இடைவெளி 1-ஐத் தொடவில்லை, அதனால் மழையின் விளைவு உறுதி என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம், பாய்சான் பரவலுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. சராசரியும் பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும். நிகழ்வுகள் ஒன்றையொன்று தூண்டாமல் தனித்தனியாக நடந்தால்தான் அது நிறைவேறும். பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலாளர் பாய்சான் இந்தப் பரவலை 1837-இல் வெளியிட்டார். 1898-இல் லாடிஸ்லாஸ் போர்ட்கேவிச் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை இதனுடன் ஒப்பிட்டுக் காட்டினார். பாடநூல்களில் அதிகம் எடுத்தாளப்படும் 10 படைப்பிரிவுகளின் 20 ஆண்டுக் கணக்கில் மொத்தம் 122 மரணங்கள். ஒரு பிரிவுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.61, பரவற்படியும் ஏறத்தாழ அதே. ஒரு குதிரை உதைத்ததால் இன்னொரு ஊரில் இன்னொரு குதிரை உதைப்பதில்லை.

புகார்கள் அப்படி வருவதில்லை. ஒரு வேன் வழியில் நின்றுவிட்டால் அதில் இருந்த பார்சல்களுக்கு உரியவர்கள் எல்லாரும் ஒரே மாலையில் அழைப்பார்கள். நேற்று தீராத புகார் இன்று மீண்டும் வரும். அதனால் பரவற்படி சராசரியைத் தாண்டிவிடும். கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு நாளின் உண்மை எண்ணிக்கைக்கும் மாதிரி கணித்த எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, கணித்த எண்ணிக்கையால் வகுத்து, எல்லா நாட்களுக்கும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை, நாட்களின் எண்ணிக்கையிலிருந்து குணகங்களின் எண்ணிக்கையைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். இங்கே அது 90 கழித்தல் 2, அதாவது 88. ஈவு 1-க்கு அருகில் வந்தால் நல்லது. நம் பதிவேட்டில் கூட்டுத்தொகை 264 என்று வைத்தால் ஈவு 3.

அப்போது திட்டப் பிழையை 3-இன் வர்க்கமூலமான 1.73-ஆல் பெருக்க வேண்டும். நிரலில் `poisson` என்ற இடத்தில் `quasipoisson` என்று போட்டால் R இதைத் தானே செய்யும். விகிதம் 1.88 மாறாது. இடைவெளிதான் 1.48 முதல் 2.38 வரை விரியும். நம் எடுத்துக்காட்டில் மழையின் விளைவு அப்போதும் நிற்கிறது. விளைவு சிறியதாக இருந்திருந்தால் இடைவெளி 1-ஐத் தாண்டிக் கீழே போயிருக்கும், உறுதி என்று சொன்னதைத் திரும்பப் பெற வேண்டி வந்திருக்கும்.

எந்தக் காரணியைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டெலிவரி தாமதத்தையும், மணிக்கணக்கில், மாதிரியில் சேர்க்கிறோம் என்று வையுங்கள். தாமதத்தின் குணகம் 0.12 என வந்தால் ஒரு மணி நேரத்துக்கு விகிதம் 1.13. மூன்று மணி நேரத்துக்கு 13-ஐ மூன்று முறை கூட்டி 39 சதவீதம் என்று சொல்லக் கூடாது. குணகத்தை 3-ஆல் பெருக்கிய பிறகே அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: விகிதம் 1.43. இதே மாதிரியில் மழையின் விகிதம் 1.88-இலிருந்து 1.20 ஆகக் குறைந்தால் மழை முக்கியமில்லை என்று ஆகிவிடாது. மழை பெய்ததால்தான் பார்சல் தாமதமாயிற்று. தாமதம் ஒரே அளவாக இருக்கும் இரண்டு நாட்களை ஒப்பிட்டால் மழைக்கு மிஞ்சும் பங்குதான் 1.20. மழையின் முழு விளைவு வேண்டுமென்றால் தாமதத்தைச் சேர்க்காத மாதிரியைத்தான் பார்க்க வேண்டும்.

அறிக்கை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீத விகிதத்தைத் தனியாக எழுதாதீர்கள், அடிப்படை வீதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆயிரத்துக்கு 8 என்பதும் லட்சத்துக்கு 8 என்பதும் 1.88 மடங்காகலாம், ஆனால் தேவைப்படும் ஆட்கள் வேறு. நம் நிறுவனத்தில் 800 பார்சலுக்கு மழையில்லாத வீதத்தில் 6.4 புகார் வந்திருக்கும், வந்தது 12. மழைநாளில் சேவைப் பிரிவு ஆயத்தமாக வேண்டியது கூடுதலாக 5 அல்லது 6 அழைப்புகளுக்கு.