இரண்டும் 26 இன்ச்தான், ஆனால் டயர் ஏறாது

சைக்கிள் கடையில் "26 இன்ச் டயர்" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பது? சாதாரண லேடீஸ் சைக்கிள்களில் 26 × 1 3/8 என்ற டயரைப் பார்க்கலாம். கியர் வைத்த மலைச் சைக்கிள்களில் 26 × 1.95 இருக்கும். இவை இரண்டும் ஒரே ரிம்மில் பொருந்தாது.

அந்த 26 இன்ச், ரிம்மின் அளவே இல்லை. டயர் மாட்டிய சக்கரத்தின் மொத்தக் குறுக்களவுதான் அது, அதுவும் ஏறக்குறைய. டயர் பருமனானால், மொத்தம் 26-க்குள் நிற்க ரிம் சிறுத்தாக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்பதுபோல் இன்னொரு எண்ணும் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயரின் ஓரக் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் குறுக்களவு. இரண்டும் மில்லிமீட்டரில். 590-உடன் மேலும் கீழுமாக இரண்டு 37-ஐக் கூட்டினால் 664. 559-உடன் இரண்டு 50-ஐக் கூட்டினால் 659. இரண்டுமே கிட்டத்தட்ட 26 இன்ச்தான். ஆனால் ரிம்கள் 31 மில்லிமீட்டர் வேறுபடுகின்றன.

ஓரக் கம்பி நீளாது. அதனால் 559 டயரை 590 ரிம்மில் எந்த லீவர் போட்டு நெம்பினாலும் ஏற்ற முடியாது. இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. 590 டயர் 559 ரிம்மில் கையாலேயே ஏறிவிடும். காற்றடித்ததும் ஓரம் ரிம்மைத் தாண்டி வெளியே வர, டியூப் பிதுங்கி வெடிக்கும்.

பின்னமும் தசமமும் ஒன்றென்று நினைப்பதும் தவறு. கணக்கில் 1 3/4-ம் 1.75-ம் சமம். டயரில் 26 × 1.75 என்பது 559, 26 × 1 3/4 என்பது 571.

டியூப் ரப்பர் என்பதால், ரிம் அளவில் சிறு வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். அகலத்தில்தான் கவனம் வேண்டும். டியூப் பெட்டியில் 1.75/2.125 என்று போட்டிருந்தால், டயரின் அகலம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதை 37 மில்லிமீட்டர் டயருக்குள் திணித்தால் மடிப்பு விழும், மடிந்த இடம் தேய்ந்து பஞ்சராகும். மாறாக, ஒல்லி டியூபைப் பருத்த டயரில் போட்டால் ரப்பர் மெலிந்து சீக்கிரம் பஞ்சராகும். வால்வையும் பாருங்கள். வால்டியூப் வைத்த பழைய வால்வுக்கும் பைக் வால்வுக்கும் ரிம்மில் சுமார் 8.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு 6.5 போதும்.

பழைய டயரில் எழுத்து அழிந்துபோனால், டயரைக் கழற்றி ரிம்மின் வெளி விளிம்பைச் சுற்றி டேப்பால் அளந்து 3.14-ஆல் வகுங்கள். ஓரக் கம்பி விளிம்புக்குக் கீழே உட்காருவதால், அதில் சுமார் 12 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும். விடை 590-ஐ ஒட்டி வருகிறதா, 559-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்து, கடையில் அந்த எண்ணைச் சொல்லியே டயர் கேளுங்கள்.