வலி நின்றபின் மூச்சு வாங்கினால்

35 வயதுள்ள கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாயங்காலமானால் காய்ச்சல், வறட்டு இருமல், வலது விலாவில் சுருக்கென்று குத்தும் வலி. மூச்சை இழுத்தாலும் இருமினாலும் வலி கூடுகிறது. வாயுப்பிடிப்பு என்று நினைத்து, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். பத்து நாளில் வலி விட்டுவிடுகிறது. ஆனால் சாரத்தில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சற்று ஆறுதலாக இருக்கிறது. கடைசியில் மருத்துவரிடம் போகிறார்.

"வலி இப்ப எப்படி இருக்கு?"

"வலி போயிடுச்சு டாக்டர். மூச்சுதான் வாங்குது."

இந்தப் பதிலைக் கேட்டதும் மருத்துவர் அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகின் கீழ்ப்பகுதியைத் தட்டிப் பார்ப்பார். வலி போய் மூச்சுவாங்கல் வந்தது ஏன் என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

நம் நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. ஒன்று நுரையீரலின் மேல் ஒட்டியிருக்கிறது. மற்றொன்று விலா எலும்புகளின் உட்பக்கத்தையும், வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத்தையும், இதயத்தை ஒட்டிய நடுப்பகுதியையும் மூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் நுரையீரல் உறை. மருத்துவர்கள் ப்ளூரா என்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நீர் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி அளவுதான். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், பிரிக்க மட்டும் வராது. அப்படித்தான் இந்த நீர் நுரையீரலை மார்புச் சுவரோடு பிணைத்து வைக்கிறது. விலாக்கூடு விரிந்தால் நுரையீரலும் கூடவே விரிகிறது.

இந்த நீர் தேங்கிக் கிடப்பதில்லை. வெளிச்சவ்வின் நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து கசிந்தபடியே இருக்கும். அதே சவ்வில் உள்ள நுண்துளைகள் வழியாக நிணநீர்க் குழாய்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். கசிவு பல மடங்கு கூடினாலும் இந்த வடிகால் தாக்குப்பிடிக்கும். சவ்வு அழன்று கசிவு எல்லை மீறினாலோ, வடிகால் அடைபட்டாலோதான் நீர் சேரத் தொடங்குகிறது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொன்னால், பெரும்பாலும் அந்த நீர் நுரையீரலுக்குள் இல்லை. அதற்கு வெளியே, இந்த இரு சவ்வுகளுக்கு நடுவே இருக்கிறது.

வலி உணரும் நரம்புகள் வெளிச்சவ்வில் மட்டுமே உண்டு. சவ்வுகள் அழன்று சொரசொரப்பாகி ஒன்றோடொன்று உரசும்போது, ஒவ்வொரு மூச்சிலும் குத்துகிறது. நீர் சேர்ந்ததும் இரண்டும் விலகிவிடுகின்றன. உரசல் நிற்கிறது, வலியும் நிற்கிறது. ஆனால் அந்த நீர் நுரையீரலை அமுக்கி, உதரவிதானத்தைக் கீழே தள்ளுவதால் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. கொத்தனாருக்கு நேர்ந்தது இதுதான். நோய் குறையவில்லை, அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது.

இனி, நீர் எங்கே சேருகிறது என்று பார்ப்போம். வெளிச்சவ்வு நுரையீரலைவிடப் பெரியது. சாதாரணமாக மூச்சு விடும்போது, அக்குளுக்கு நேர்கீழே நுரையீரலின் அடிவிளிம்பு 8-வது விலாவோடு நின்றுவிடும். உறையோ 10-வது விலா வரை இறங்கியிருக்கும். முதுகுப்பக்கம் நுரையீரல் 10-வது விலா மட்டத்தில் முடிய, உறை 12-வது விலா வரை போகும். இந்த இரண்டு விலா அளவு இடைவெளியில் நுரையீரல் இல்லை. விலாச் சுவரை மூடிய சவ்வும் உதரவிதானத்தை மூடிய சவ்வும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டு, ஒரு குறுகிய மடிப்பாக இருக்கின்றன. ஆழமாக மூச்சை இழுக்கும்போது நுரையீரல் இந்த மடிப்புக்குள் ஓரளவு இறங்கி வரும். மூச்சை விட்டதும் மேலேறிவிடும். முன்பக்கம் நெஞ்செலும்பின் ஓரத்திலும் இப்படி ஒரு மடிப்பு உண்டு. ஆனால் உட்கார்ந்திருக்கும், நிற்கும் மனிதனுக்கு உதரவிதானத்தை ஒட்டியதே தாழ்வான இடம். அதிலும் முதுகுப்பக்கம்தான் ஆகத் தாழ்வு.

ஆகவே நீர் முதலில் நுரையீரலின் அடிப்பரப்புக்குக் கீழே தங்கி, பிறகு பின்மடிப்பில் இறங்கி, அது நிறைந்தபின் பக்கவாட்டு மடிப்புக்கு வருகிறது. இந்த வரிசையால்தான் எக்ஸ்ரே சில சமயம் ஏமாற்றுகிறது. நேராக நிற்கவைத்து எடுக்கும் படத்தில் பின்மடிப்பு உதரவிதானத்தின் மேட்டுக்குப் பின்னால் மறைந்துகிடக்கிறது. பக்கவாட்டுக் கோணத்தின் கூர்மை மழுங்கித் தெரிய ஏறக்குறைய 200 மில்லி நீர் வேண்டும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் 50 மில்லி அளவிலேயே பின்கோணம் மழுங்குவது தெரிந்துவிடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இன்னும் குறைந்த அளவையும் காட்டிவிடும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே நீர் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

நீர் கூடக் கூட, படத்தில் வெள்ளை நிழல் விலாவோரமாக உயர்ந்து பிறை வடிவில் வளைந்து தெரியும். உண்மையில் நீர் நுரையீரலைச் சுற்றிலும் பரவி நிற்கிறது. ஓரத்தில் கதிர் அதிகத் தடிமனான நீரைக் கடக்க வேண்டியிருப்பதால் அங்கே மட்டும் உயர்ந்து தோன்றுகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்கு நீர் முதுகுப்பக்கம் முழுவதும் பரவிவிடும். படத்தில் அந்தப் பக்கம் லேசாகப் புகைமூட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் எக்ஸ்ரேயோடு நிற்காமல் ஸ்கேனும் எடுக்கிறார்கள். நுரையீரல் மடல்களுக்கு இடையிலான பிளவும் நீர் தங்கும் மற்றோர் இடம். இதயம் பலவீனமானவர்களுக்கு அங்கே தங்கும் நீர், படத்தில் உருண்டைக் கட்டியாகத் தெரியும். சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுத்ததும் அந்தக் கட்டி மறைந்துவிடும்.

மருத்துவர் முதுகைத் தட்டிப் பார்த்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரியாவில் கிராஸ் நகர விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த லியோபோல்ட் அவன்பிரக்கர், 1761-ல் வியன்னாவில் இந்த முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். காற்று நிறைந்த நுரையீரல் மேல் தட்டினால் முழக்கம் கேட்கும். நீர் நின்ற இடத்தில் முழக்கம் செத்துவிடும். இறந்தவர்களின் மார்புக்குள் நீரைச் செலுத்தித் தட்டிப் பார்த்து, நீர்மட்டத்தை ஓசையால் குறிக்க முடியும் என்று அவர் உறுதிசெய்தார். இன்றும் முதுகில் விரல் வைத்துத் தட்டுகிற மருத்துவர் அதே மட்டத்தைத்தான் தேடுகிறார்.

நம் கொத்தனாருக்கு ஸ்கேனில் வலதுபக்கம் சுமார் ஒரு லிட்டர் நீர் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் தெரிய, அந்த நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அவரை உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிக் குனியச் சொல்வார்கள். ஸ்கேன் வைத்து நீர் ஆழமாக உள்ள இடத்தைக் குறித்து, அங்கே மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். நீரெடுக்கும் ஊசி விலாவின் மேல்விளிம்பை ஒட்டித்தான் நுழைய வேண்டும். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பை ஒட்டியும் ஒரு ரத்தநாளமும் நரம்பும் ஓடுகின்றன. அங்கே குத்தினால் ரத்தக்கசிவு ஏற்படலாம். நீர் ஆகத் தாழ்ந்த மடிப்பில் இருந்தாலும் ஊசியை அவ்வளவு கீழே போடுவதில்லை. உதரவிதானத்துக்கு அடுத்த பக்கம் வலதில் கல்லீரலும் இடதில் மண்ணீரலும் உண்டு.

ஒரே தடவையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. பல நாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால், அதற்குள்ளேயே நீர் ஊறிவிடும் அபாயம் உண்டு. நீர் எடுக்கும்போது தொடர் இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் நோயாளி உடனே சொல்ல வேண்டும். மருத்துவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

எடுத்த நீர் சொல்லும் செய்திதான் முக்கியம். 1972-ல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. அதில் முதல் கணக்கு எளிது: நீரிலுள்ள புரதத்தை ரத்தத்திலுள்ள புரதத்தால் வகுக்க வேண்டும். விடை 0.5-க்கு மேல் இருந்தால் சவ்விலேயே நோய் இருக்கிறது என்று பொருள். குறைவாக இருந்து மற்ற அளவுகளும் ஒத்துவந்தால், சவ்வு நன்றாக இருக்கிறது. இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் கோளாறைத் தேட வேண்டும். கொத்தனாரின் நீரில் புரதம் 5 கிராம், ரத்தத்தில் 7 கிராம் என்றால் விடை 0.71. சவ்வில்தான் நோய். நீரில் லிம்ஃபோசைட் வகை வெள்ளணுக்கள் மிகுந்து, ஏடிஏ எனப்படும் நொதியின் அளவு 40-ஐத் தாண்டி 68 என்று வந்தால், நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய்.

நீரில் காசக்கிருமி தென்படவில்லையே என்று அப்போது சந்தேகம் வரும். உறைக்குள் கசிந்த சில கிருமிகளுக்கு எதிராக உடல் காட்டும் கடுமையான எதிர்வினைதான் இவ்வளவு நீரையும் சுரக்கவைக்கிறது. கிருமிகள் மிகக் குறைவு. எனவே கிருமி தெரியாதது காசநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. சளியையும் சோதிக்க வேண்டும். சில சமயம் சவ்விலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துப் பார்க்க நேரலாம். அதேபோல் எல்லா நீரும் காசநோயும் அல்ல. புற்றுநோயாலும் நீர் கோக்கும். நிமோனியாவுக்குப் பின் சேரும் நீர் சீழாக மாறினால், ஊசி போதாது. குழாய் வைத்து வடிக்க வேண்டும்.

காசநோய் நீருக்கு இன்னொரு குணம் உண்டு. மருந்தே இல்லாவிட்டாலும் அது பல சமயம் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக வற்றிவிடும். முன்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களிடையே இப்படி வற்றியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பின்னாளில் காசநோய் மீண்டும் வெளிப்பட்டது. 1955-ல் இது பதிவானது. அந்த மடிப்பு காலியானதால் கிருமி போய்விட்டது என்று ஆகாது.

ஆகவே காய்ச்சலோடு வந்த விலாவலி தானாக நின்று, மூச்சு வாங்கத் தொடங்கினால், வலி போனதே என்று இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரைப் பார்த்து, எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய் என்று தெரிந்தால், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். அரசு மருத்துவமனைகளில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன. நீர் வற்றி, காய்ச்சல் விட்டு, உடம்பு தேறிய பிறகும் ஆறு மாதம் முடியும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டில் கூட இருப்பவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள்.