விடுமுறைப் பட்டியலும் வாழ்த்துப் படமும்

துணிக்கடையோ வங்கியோ அடுக்குமாடிச் சங்கமோ, எல்லாரும் இப்போது பண்டிகைக்கு ஒரு வாழ்த்துப் படம் போடுகிறார்கள். அந்த வேலை யார் தலையில் விழுகிறதோ அவர் அரசு விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கொரு படமாகத் தயாரித்துவிடுவார். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. பட்டியலில் உள்ள நாளெல்லாம் கொண்டாட்ட நாள் அல்ல.

புனித வெள்ளி இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். பலர் நோன்பிருந்து, ஆலயத்தில் அவருடைய ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். அன்று பூவும் பலூனுமாக ‘நல்வாழ்த்துகள்’ அனுப்புவது துக்க வீட்டில் நாதஸ்வரம் வாசிப்பது போல. வாழ்த்த வேண்டிய நாள் அடுத்து வரும் ஈஸ்டர் ஞாயிறு.

மொஹரம் இன்னும் சிக்கலானது. அந்த மாதத்தின் முதல் நாள் இஸ்லாமிய ஆண்டுப் பிறப்பு. ஆனால் நமக்கு விடுமுறை பத்தாம் நாளான ஆஷூராவுக்கு. 2025இல் ஆண்டு பிறந்தது ஜூன் 27. ஆஷூரா ஜூலை 6. ‘இஸ்லாமியப் புத்தாண்டு’ என்று எங்கோ படித்தவர், விடுமுறை நாளில் புத்தாண்டு வாழ்த்துப் போட்டுவிடுகிறார். கி.பி. 680இல் நபிகளின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டது அந்த நாளில்தான். ஷியாக்கள் கறுப்பு உடையில் துக்கம் காப்பார்கள். சுன்னிகளில் பலர் நோன்பு வைப்பார்கள். ஃபிர்அவ்னிடமிருந்து மூசா நபி மீட்கப்பட்டதை நினைக்கும் நோன்பு அது. ஒரே நாளை இருவரும் இரு விதமாக அனுசரிப்பதால் நமக்குப் பொருத்தமான வாசகம் சுருக்கமானது: ‘இன்று ஆஷூரா. எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை.’ தள்ளுபடி அறிவிப்பை அதே படத்தில் ஒட்டாமல் இருந்தால் சரி.

ரம்ஜானில் தவறு வேறு மாதிரி நடக்கும். நாட்காட்டியில் அச்சிட்ட தேதி ஒரு கணிப்புதான். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று மாலை பிறை தெரிந்ததா என்று பார்த்துத் தலைமை காஜி அறிவிப்பார். பிறை தெரியாவிட்டால் மறுநாளும் நோன்பு. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த வாழ்த்தோ, நோன்பாளிகள் பசியோடு இருக்கும் பகலில் பிரியாணிப் படத்துடன் போய்ச் சேரும். படத்தைத் தயாராக வைக்கலாம். அனுப்புவதை மட்டும் அறிவிப்புக்குப் பிறகு கையால் செய்ய வேண்டும்.

அந்தப் படத்தில் அழகுக்காக அரபு எழுத்தைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் அரபு எழுத்துகள் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் விழும். மொழி தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்: ‘ஈத்’ என்ற சொல்லின் மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று கோத்து நிற்க வேண்டும். தனித்தனியாக நின்றால் படம் பிழை. சரிபார்க்க ஆள் கிடைக்காத நேரத்தில் தமிழிலேயே ‘ரம்ஜான் வாழ்த்துகள்’ என்று எழுதிவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை.