சூடாகும் பிளக்கைக் கவனியுங்கள்

மின்சார காரோடு வரும் கையடக்க சார்ஜிங் கேபிள், வீட்டின் 15 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து சுமார் 3 கிலோவாட் இழுக்கும். அதாவது 13 ஆம்பியருக்கு மேல், இரவு முழுக்க. கீசர் அரை மணியில் அணைந்துவிடும், இது அணையாது.

அதனால்தான் அடாப்டர் ஆபத்தானது. வாடகை வீட்டில் 5 ஆம்பியர் சாக்கெட் மட்டும் இருந்தால், பெரிய பிளக்கைச் சின்னதாக்கும் கன்வெர்ட்டரைக் கடையில் கேட்டு வாங்கி மாட்டுகிறார்கள். கார் அதே 13 ஆம்பியரைத்தான் கேட்கும். மெல்லிய பின்னும் சுவருக்குள் ஓடும் ஒயரும் அதைத் தாங்காது. ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய பின், கருகல் வாடை, இவற்றில் எது தெரிந்தாலும் எம்.சி.பி.யை அணைத்துவிட வேண்டும். எர்த் இல்லை என்று பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், அதை ஏமாற்றும் அடாப்டரைத் தேடாமல் எலக்ட்ரீஷியனை அழைப்பதே சரி.

மழையில் கார் பக்கத்து முனை பொதுவாகத் தாங்கும். சுவர்ப் பக்கத்து மூன்று பின் பிளக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அது கூரைக்கடியில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டால் எடை பிளக்கை இழுத்துத் தளர்த்தும், சூடு அங்கேதான் தொடங்கும்.

டிக்கியில் வைக்குமுன் துடைத்து, மூடியைப் போட்டு, பெரிய வளையங்களாகச் சுற்றுங்கள். பெட்டியைச் சுற்றி இறுக்கினால் கேபிள் நுழையும் இடத்தில் உறை வெடிக்கும்.